பெண்கள் விடுதி: நோட்டீஸில் எழுதாமல் விடுவது

வேளச்சேரி விஜயநகர் பேருந்து நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் மின்கம்பங்களில் அந்தச் சின்ன நோட்டீஸ்கள் கண்ணில் படும். அடிப்பகுதியில் செல்போன் எண்ணைக் குறுக்காக எழுதி, துண்டு துண்டாகக் கத்தரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வேண்டியவர்கள் ஒரு துண்டைக் கிழித்துக்கொள்ளலாம். ‘மாணவிகள், வேலைக்குச் செல்லும் பெண்கள் மட்டும். பாதுகாப்பான இடம். சுவையான வீட்டுச் சாப்பாடு. நியாயமான வாடகை.’ தாம்பரத்திலும் கிண்டியிலும் பெருங்குடியிலும், ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் நிறைந்த அண்ணா நகரிலும் இதே வாசகம்தான். காகிதத்தின் நிறமும் போன் எண்ணும்தான் மாறியிருக்கும்.

தென்காசியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ மகளை முதன்முதலாகச் சென்னைக்கு அனுப்புகிற குடும்பம் இந்த மூன்று வாக்குறுதிகளைத்தான் கையில் பிடித்துக்கொண்டு வருகிறது. கல்லூரி திறக்க இரண்டு நாள் இருக்கும். அல்லது திங்கள்கிழமை வேலையில் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கி, நாலு விடுதி பார்த்து, ஐந்தாவதில் கால் ஓய்ந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். விடுதி நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் நோட்டீஸில் அதற்கு மேல் ஒன்றும் எழுத வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருப்பதில்லை.

இந்த மூன்று வாக்குறுதிகளிலும் உள்ள குறை ஒன்றுதான். எதையும் சரிபார்க்க முடியாது. ‘பாதுகாப்பானது’ என்றால் எதனால்? ‘வீட்டுச் சாப்பாடு’ என்றால் யார் வீட்டில், எவ்வளவு? ‘நியாயமான வாடகை’ என்றால் எதையெல்லாம் சேர்த்து? பதில் சொல்லக்கூடிய விடுதிகள் நிறையவே இருக்கின்றன. நன்றாக நடத்துகிற அந்த விடுதிகளும் நோட்டீஸில் மற்றவர்களைப் போலவே எழுதிவிடுவதால், நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போகிறது. ஒரு நேர்மையான விடுதி தன்னைப் பற்றி என்னென்ன எழுத வேண்டும் என்று யோசித்தால், விடுதி தேடுகிறவர் என்னென்ன கேட்க வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடும்.

பூட்டு போட்டால் பாதுகாப்பா?

முதலில் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்துவதற்கென்றே தனிச் சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தும் சட்டம் 2014-இல் வந்தது. அதன்படி தனியார் மகளிர் விடுதி எதுவானாலும், பெரிய கட்டடமானாலும் மூன்று படுக்கையறை ஃபிளாட்டானாலும், மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். விண்ணப்பத்தோடு கட்டடத்தின் உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவற்றையும் வைக்க வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகம்தான் இதைக் கவனிக்கிறது. பதிவில்லாமல் நடத்தினால் சிறைத் தண்டனை வரை போகலாம்.

சட்டம் வந்தும் நாலு வருடம் வரை நிறைய விடுதிகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் நடந்தது எல்லோரையும் உலுக்கியது. ஒருவர் வீட்டை வாடகைக்கு எடுத்து, இணையத்தில் விளம்பரம் கொடுத்து, பெண்களைத் தங்க வைத்திருந்தார். ஒரு பெண் முடி உலர்த்தும் கருவியைச் சுவரில் உள்ள பிளக் பாயின்டில் செருகப் பார்த்திருக்கிறார். அது உள்ளே போகவில்லை. சந்தேகப்பட்டுப் பார்த்ததில் உள்ளே கேமரா இருந்தது. தேடத் தேட அறைகளில் மேலும் கேமராக்கள் கிடைத்தன. வீட்டை நடத்தியவர் கைதானார். அதன்பிறகுதான் மாவட்ட நிர்வாகம் எல்லா விடுதிகளும் பதிவு செய்தாக வேண்டும் என்று கெடு வைத்தது.

அந்த விளம்பரத்திலும் பாதுகாப்புதான் சொல்லப்பட்டிருக்கும் என்று ஊகிக்க அதிக நேரம் வேண்டாம். ஒரு நேர்மையான நோட்டீஸில் அந்தச் சொல்லுக்குப் பதிலாக உரிம எண்ணைப் போட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எண் இருந்தால் சரிபார்க்கலாம். சொல்லை என்ன செய்வது?

உரிமம் மட்டும் போதுமா என்றால் போதாது. அது கட்டடத்துக்கும் நடத்துகிறவருக்கும் கொடுக்கப்பட்ட அனுமதி. அன்றாடப் பாதுகாப்பு வேறு சில சின்ன விஷயங்களில் இருக்கிறது. அறைக் கதவின் உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா? மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது? குளியலறை வென்டிலேட்டர் எந்தப் பக்கம் திறக்கிறது, பக்கத்து மாடியிலிருந்து பார்த்தால் தெரியுமா? பிளம்பரோ எலெக்ட்ரீஷியனோ வந்தால் கூட நின்று பார்ப்பது யார்? சிசிடிவி எங்கெங்கே இருக்கிறது, அதன் திரையை உட்கார்ந்து பார்க்கிறவர் யார்? கேமரா வாசலிலும் படிக்கட்டிலும் இருந்தால் பாதுகாப்பு. அறைக்கு எதிரே உள்ள நடையில் இருந்து, உரிமையாளரின் தம்பி செல்போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு வேறு பெயர். அறைக்குள் தேவையில்லாத இடத்தில் புதிதாக ஒரு பிளக் பாயின்ட், எதற்கும் இணைக்கப்படாத ஒரு கருவி, அடிக்கடி நடக்கிற ‘ரிப்பேர் வேலை’ இவை கண்ணில் பட்டால் கேட்கத் தயங்க வேண்டாம். ஆதம்பாக்கத்துப் பெண் தயங்கியிருந்தால் அந்த விஷயம் வெளியே வந்தே இருக்காது.

இதையெல்லாம்விட நான் அதிகம் கவலைப்படுவது ஒன்று உண்டு. நம் விடுதிகள் ‘பாதுகாப்பு’ என்று விற்பது பெரும்பாலும் கண்டிப்பைத்தான். ‘இரவு 9 மணிக்கு கேட் பூட்டப்படும்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்த வரி அப்பாவுக்கு எழுதப்படுவது. வாடகை கொடுக்கப்போகிற பெண்ணை நினைத்து எழுதப்பட்டதல்ல. ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கிற பெண் பதினொன்றரைக்குத்தான் வண்டியிலிருந்து இறங்குவாள். மருத்துவமனையில் செவிலியராக இருப்பவருக்குப் பணி மாறும் நேரமே இரவு எட்டுமணி. கேட் பூட்டிவிட்டால் அவள் தெருவில் நிற்க வேண்டும். ஒரு பெண்ணை நள்ளிரவில் தெருவில் நிறுத்துகிற ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

பூட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2024 செப்டம்பர் 12 அதிகாலையில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் புகையில் சிக்கினார்கள். இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். தீ என்று வந்தால் அறையைவிட்டு வெளியேற இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது. நெருப்பைவிடப் புகைதான் முதலில் ஆளைச் சாய்க்கும். அந்த நேரத்தில் கேட் சாவி வார்டனின் தலையணைக்கு அடியில் இருந்தால், வார்டன் அன்று ஊருக்குப் போயிருந்தால், ஜன்னல் எல்லாம் கிராதி போட்டு வெல்டிங் செய்யப்பட்டிருந்தால், மாடிக் கதவுக்கும் பூட்டு தொங்கினால் எப்படி வெளியே வருவது? திருடன் உள்ளே வராதபடி செய்த ஒவ்வொன்றும் உள்ளே இருப்பவர்கள் வெளியே போகாதபடியும் செய்துவிடும்.

விடுதி பார்க்கப் போகும்போது மொட்டைமாடிவரை ஏறிப் பாருங்கள். மாடிக் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிறதா, படிக்கட்டில் பழைய மெத்தையும் உடைந்த கட்டிலும் அடுக்கிவைத்திருக்கிறார்களா, சமையலறை சிலிண்டர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தீயணைப்பான் தொங்கினால் அதன் மேலுள்ள சீட்டில் கடைசியாக எப்போது நிரப்பினார்கள் என்று தேதி இருக்கும். ‘அக்கா, ராத்திரி பதினொன்றரைக்கு நான் வந்தால் யாரு கேட் திறப்பாங்க?’ என்று வார்டனிடம் கேளுங்கள். பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். ‘வாட்ச்மேன் இருப்பாரு, ஐ.டி. பார்த்துட்டு திறப்பாரு, நோட்டுல நேரம் எழுதிக்குவாரு’ என்று உடனே பதில் வந்தால் அங்கே ஏற்பாடு இருக்கிறது. ‘அவ்வளவு நேரம் எதுக்கு வெளியே?’ என்று திருப்பிக் கேட்டால் ஏற்பாடு இல்லை.

சாம்பாரில் எவ்வளவு பருப்பு

சாப்பாடு. விடுதியைவிட்டுப் பெண்கள் மாறுவதற்கு என்னவெல்லாம் காரணம் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் இதில்தான் வந்து நிற்கும். தண்ணீர் சாம்பார், மதியம் மிஞ்சியதை இரவில் வேறு பெயரில் போடுவது, புளித்துப்போன மாவில் தோசை. ஞாயிறன்று மூன்று வேளைக்குப் பதில் இரண்டு வேளை. இவை எங்கேயும் விளம்பரத்தில் இருக்காது.

‘வீட்டுச் சாப்பாடு’ என்பதைச் சரிபார்க்கும்படி எழுதுவதற்கு ஒரு வழி உண்டு. வாரத்துக்கான மெனுவையும் நேரத்தையும் அச்சிட்டுவிடுவது. காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மதிய டப்பா எப்போது தயாராகும், இரவுச் சாப்பாடு எதுவரை இருக்கும், தாமதமாக வருகிறவருக்கு எடுத்துவைப்பார்களா, வாரத்தில் எத்தனை நாள் முட்டை, எந்த நாள் கோழி, சைவம் சாப்பிடுகிறவருக்கு அன்று என்ன? பெருங்குடியில் ஒன்பது மணிக்கு உள்ளே இருக்க வேண்டியவளுக்கு ஏழேகாலுக்கு டப்பா தயாராக இல்லையென்றால் அந்த விடுதியில் மதியச் சாப்பாடு இல்லை என்றுதான் அர்த்தம். காசு கொடுத்துவிட்டு வெளியே சாப்பிடுவாள்.

அளவு பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். முப்பது பேருக்கு மதியச் சாம்பார் வைக்க, தலைக்கு 25 கிராம் என்று 750 கிராம் துவரம்பருப்பு போட்டால் சாம்பார் சாம்பாராக இருக்கும். பருப்பு கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 113 ரூபாய்தான். ஒரு பெண்ணுக்கு நாலு ரூபாய்கூட ஆகவில்லை. ஆனாலும் சிக்கனம் என்று வரும்போது முதலில் கை வைப்பது பருப்பில்தான். 750 கிராம் 300 கிராமாகும். மஞ்சள்தூளும் புளியும் நிறத்தைக் காப்பாற்றிவிடும். கரண்டியில் எடுத்து ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மேலே தெளிந்த நீரும் அடியில் மெல்லிய படிவுமாகப் பிரிந்தால் பருப்பு இல்லை.

இதை ருசிப் பிரச்சினை என்று தள்ளிவிடக் கூடாது. நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சுமார் 85 கிராம் பருப்பு வகைகள் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. காய்கறி 400 கிராம். இட்லி மாவில் உள்ள உளுந்து, சாம்பார்ப் பருப்பு, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் எல்லாம் சேர்ந்தால் பருப்புக் கணக்கை எட்டிப் பிடித்துவிடலாம். காய்கறிதான் எட்டாது. விடுதிப் பொரியலில் தலைக்கு இரண்டு கரண்டிக்கு மேல் விழுவதில்லை. பத்தொன்பது வயதில் வந்து மூன்று நாலு வருடம் சோறும் நீர்த்த குழம்பும் சாப்பிட்டால், பெண்களிடையே ஏற்கெனவே பரவலாக இருக்கிற இரத்தசோகை இன்னும் மோசமாகும். முடி கொட்டுகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஊருக்குப் போய்ச் சொன்னால் ‘தண்ணி மாத்தம்’ என்று சொல்லிவிடுவார்கள்.

விடுதியைப் பார்க்க மாலை நாலு மணிக்குப் போகாதீர்கள். அப்போது சமையலறை கழுவித் துடைத்து அழகாக இருக்கும். இரவு எட்டு மணிக்குப் போய், ஒரு வேளை சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். நல்ல விடுதிகள் சந்தோஷமாக உட்கார வைக்கும். அங்கேயே சமைக்கிறார்களா, வெளியிலிருந்து டிரம்மில் வருகிறதா என்பது தெரியும். எரிவாயு சிலிண்டர் நீல நிறத்தில் 19 கிலோ வணிக சிலிண்டரா, வீட்டு உபயோகச் சிவப்பு சிலிண்டரா என்பதும் தெரியும். சிவப்பு என்றால் விதியை மீறுகிறார்கள். சமையலறையில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

குடிநீரைப் பற்றியும் ஒரு கேள்வி. 2019 கோடையில் சென்னை வறண்டபோது ஓ.எம்.ஆர். பக்கம் பல விடுதிகள் தண்ணீர் இல்லாமல் மூடின, தங்கியிருந்தவர்களை ஊருக்குப் போகச் சொன்னார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆழ்குழாயா, குடிநீர் வாரிய லாரியா, கோடையில் என்ன செய்வார்கள் என்று ஜூன் மாதம் சேரும்போதே கேட்டுவைப்பது நல்லது.

நியாயமான வாடகை எவ்வளவு?

மூன்றாவது வாக்குறுதியைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் முதல் இரண்டும் இதற்குள்தான் இருக்கின்றன.

வேளச்சேரி மாதிரி ஓரிடத்தில் பத்து அறை, அறைக்கு மூன்று கட்டில் என்று முப்பது பேர் தங்குகிற ஒரு விடுதியைக் கற்பனை செய்துகொள்வோம். இடத்துக்கு இடம் தொகை மாறும். கணக்கின் போக்கு மாறாது. கட்டட வாடகை மாதம் 70,000 ரூபாய் என்று வையுங்கள். மின்கட்டணம் 14,000, தண்ணீர் 8,000. சமையல் செய்கிறவருக்கும் உதவியாளருக்கும் சேர்த்து 30,000, வார்டனுக்கும் இரவு வாட்ச்மேனுக்கும் 24,000. மளிகை, காய்கறி, பால் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளுக்கு 75 ரூபாய் என்றால் முப்பது பேருக்கு மாதம் 67,500. எரிவாயு 9,000. இணையம், துப்புரவு, சில்லறை ரிப்பேர் 7,500. கூட்டினால் 2,30,000 ரூபாய். முப்பது கட்டிலும் நிறைந்திருந்தால் ஒரு கட்டிலுக்கு அடக்கவிலை சுமார் 7,670.

ஆனால் எல்லாக் கட்டிலும் எல்லா மாதமும் நிறையாது. படிப்பு முடிந்து போவார்கள், கல்யாணமாகிப் போவார்கள். மூன்று கட்டில் காலியாக இருந்தால் சாப்பாட்டுச் செலவு மட்டும் கொஞ்சம் குறையும், மற்றவை குறையாது. அப்போது அடக்கம் சுமார் 8,270 ஆகிவிடும். 9,000 ரூபாய் வாங்கினால் மூன்று கட்டில் காலியாக இருந்தாலும் நடத்துகிறவர் கையில் மாதம் இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். இதை நான் நியாயமான வாடகை என்பேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து பால் வாங்குவதிலிருந்து நள்ளிரவில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடிப்பதுவரை பார்க்கிறவருக்கு அந்தத் தொகை அதிகமில்லை.

இப்போது அதே தெருவில் இன்னொரு நோட்டீஸ், மூன்று வேளைச் சாப்பாட்டோடு 5,500 ரூபாய் என்று சொல்கிறது. முப்பது பேரிடம் 5,500 வாங்கினால் 1,65,000 தான் வரும். 65,000 ரூபாய் துண்டு விழுகிறது. அந்த ஆள் தர்மத்துக்கு நடத்தவில்லை. அப்படியானால் அந்த 65,000 எங்கிருந்து வருகிறது?

மூன்று கட்டில் அறையில் நாலாவது கட்டில் போடுவார். இப்போது நாற்பது பேர், வரவு 2,20,000. சாப்பிடப் பத்து பேர் கூடியதால் செலவும் 2,52,500 ஆகிவிடுகிறது. இன்னும் 32,500 குறைகிறது. சாப்பாட்டை 75 ரூபாயிலிருந்து 45 ரூபாய்க்கு இறக்கினால் நாற்பது பேருக்கு மாதம் 36,000 மிச்சம். கணக்கு ஒருவழியாக நேராகிவிட்டது, ஆனால் லாபம் என்று கையில் பெரிதாக ஒன்றுமில்லை. வாட்ச்மேனை நிறுத்தினால் 14,000 வரும். நிறுத்திவிட்டு கேட்டை ஒன்பது மணிக்குப் பூட்டி, ‘கண்டிப்பான விடுதி’ என்று நோட்டீஸில் போட்டுவிடலாம்.

மலிவான வாடகைக்கு ஆசைப்பட்டது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 15,000 ரூபாய் சம்பளத்தில் ஊருக்கும் பணம் அனுப்புகிற பெண்ணுக்கு 9,000 கொடுக்க முடியாது. அவர்களுக்காகத்தான் தமிழ்நாடு அரசின் உழைக்கும் மகளிர் விடுதிகள் கழகம் ‘தோழி’ விடுதிகளை நடத்துகிறது. சென்னையைத் தாண்டியும் பல மாவட்டங்களில் இருக்கின்றன. பயோமெட்ரிக் நுழைவு, சிசிடிவி, சுத்திகரித்த குடிநீர், இணையம் எல்லாம் உண்டு. இணையத்தில் பதிவு செய்யலாம். தனியார் விடுதி தேடும் முன் அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இடம் குறைவு என்பதால், வேலைக்கான கடிதம் கைக்கு வந்தவுடனே பார்ப்பது நல்லது.

வாடகையில் இன்னொரு மறைவிடம் அட்வான்ஸ். நோட்டீஸில் ‘ரூ.6,000 முதல்’ என்று இருக்கும். அந்த ‘முதல்’ ஆறு பேர் தங்குகிற அறைக்கு, சாப்பாடு இல்லாமல். உள்ளே போனபிறகு ஏசிக்குத் தனி மீட்டர், பராமரிப்புக்கு ஒரு தொகை, வாஷிங் மெஷினுக்கு ஒரு தொகை என்று ஏறும். காலி செய்யும்போது ‘ஒரு மாதம் முன்னாடி சொல்லலை’ என்று அட்வான்ஸ் முழுவதையும் பிடித்துக்கொள்வார்கள். எழுத்தில் ஒன்றும் இருக்காது. ரசீதும் இருக்காது, பணத்தை யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்லியிருப்பார்கள்.

பில்லில் ஜிஎஸ்டி என்று சேர்த்திருந்தாலும் நின்று கேட்க வேண்டும். ஒருவருக்கு மாத வாடகை 20,000 ரூபாய்க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்குவதாக இருந்தால் விடுதித் தங்கலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்து ஜூலையில் நடைமுறைக்கு வந்தது இது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் கோவை மகளிர் விடுதிகள் தொடுத்த வழக்கில், பெண்கள் தங்கி வாழ்கிற இடம் வசிப்பிடம்தான், வரி விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, நாம் கற்பனை செய்த அந்த வேளச்சேரி விடுதிக்கு நான் நோட்டீஸ் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘மாணவிகள், வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான விடுதி. மாவட்ட ஆட்சியரின் உரிம எண்ணும் உணவு உரிம எண்ணும் கீழே உள்ளன; அசலை வரவேற்பறையில் பார்க்கலாம். பத்து அறை, அறைக்கு மூன்று பேர், நாலாவது கட்டில் போட மாட்டோம். ஆளுக்கொரு பூட்டும் அலமாரி. பெண் வார்டன் இங்கேயே தங்குகிறார். இரவு முழுவதும் வாட்ச்மேன் உண்டு. ஷிஃப்ட் முடிந்து எந்த நேரம் வந்தாலும் கேட் திறக்கப்படும், நேரம் பதிவாகும். கேமரா வாசலிலும் படிக்கட்டிலும் மட்டும். மாடிக் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும். சமையல் இங்கேயே. காலை டப்பா 7 மணிக்குத் தயார். இரவுச் சாப்பாடு 10 வரை, அதற்குப் பின் வருகிறவர்களுக்கு எடுத்துவைக்கப்படும். ஞாயிறும் மூன்று வேளை. வார மெனு பின்பக்கத்தில். வாடகை சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், இணையம் சேர்த்து ரூ.9,000. அட்வான்ஸ் ரூ.9,000. பதினைந்து நாள் முன்னால் சொன்னால் காலி செய்யும் நாளில் ரூ.500 துப்புரவுக்குப் பிடித்துக்கொண்டு ரூ.8,500 திருப்பித் தரப்படும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. சேரும் முன் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கலாம்.’

மின்கம்பத்தில் ஒட்டுவதற்கு நீளம்தான். மடித்துக் கையில் கொடுக்கலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். இதில் ‘பாதுகாப்பு’, ‘சுவை’, ‘நியாயம்’ என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு நாலாவது கட்டில் போட்டால், அந்தக் காகிதத்தையே எடுத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விளம்பரத்தில் சொன்னதைச் செய்யாதது சேவைக் குறைபாடு. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்கு அங்கே கட்டணமே இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். இதனால்தான் பலர் இவ்வளவு தெளிவாக எழுதத் தயங்குகிறார்கள்.

நன்றாக விடுதி நடத்துகிற அம்மாக்களும் அக்காக்களும் சென்னையில், கோவையில், திருச்சியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்து நோட்டீஸைப் பார்த்து அதே மூன்று சொற்களை நீங்களும் போடாதீர்கள். செய்வதை எண்ணோடும் நேரத்தோடும் எழுதுங்கள்.

மகளை அனுப்புகிற பெற்றோருக்கும், தானாகவே தேடிக்கொள்கிற பெண்ணுக்கும்: அட்வான்ஸ் அனுப்பும் முன் ஆட்சியர் உரிமத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள். அசல் சான்றிதழ்களை எந்த விடுதியிலும் கொடுத்துவைக்காதீர்கள், ஆதார் நகல் போதும். தங்கியபிறகு மிரட்டலோ தொந்தரவோ இருந்தால் 181 மகளிர் உதவி எண் எந்த நேரமும் எடுக்கப்படும். உடனடி ஆபத்து என்றால் 112. இந்த இரண்டையும் சேரும் நாளிலேயே போனில் பதிந்துவையுங்கள்.